ஒஃபீலியாவை உள்ளே விட்டது யார்?

எங்கட கம்பஸ்களில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று போடுவதென்று முடிவெடுத்தவுடன் நடக்கிற முதல் வேலை, எழுத்துருவைச் 'சுத்தமாக்குவது'. நூலகத்தில் இருந்து ஒரு நல்ல ஆய்வுப் பதிப்பை எடுப்பார்கள். பக்கத்தின் கீழ்ப்பாதியை ஒரு வெள்ளைத் தாளால் மறைப்பார்கள். மேல்பாதியை மட்டும் போட்டோகொப்பி அடித்து நடிகர்களுக்குக் கொடுப்பார்கள். கீழே கிடக்கிற பொடி எழுத்தெல்லாம் 'படிக்கிற ஆக்களுக்கு', நடிக்கிற ஆக்களுக்குத் தேவையில்லை என்பது விளக்கம். நெறியாளரும் அப்படித்தான் நினைக்கிறார், நடிகரும் அப்படித்தான் நினைக்கிறார், விரிவுரையாளர்கள் சிலரும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வெள்ளைத் தாளுக்கு எதிரானது. பக்கத்தின் அடியில் கிடக்கிற அந்தப் பொடி எழுத்து வேறு எவருக்கும் முன்னால் நடிகருக்குத்தான் சொந்தம் என்பது என் வாதம். ஏனென்றால், நடிகர் தீர்மானிக்க வேண்டிய பல விசயங்களைப் பதிப்பாசிரியர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். அதை எந்த இடத்தில், எந்த ஆதாரத்தில் செய்தார் என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. கணக்கை மறைத்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால், நடிகர் யாரோ ஒருவரின் முடிவை 'ஷேக்ஸ்பியர் எழுதியது' என்று நம்பி மேடையில் நிற்கிறார்.

எல்லோருக்கும் தெரிந்த 'ஹம்லெட்'டை எடுத்துப் பார்ப்போம்.

ஷேக்ஸ்பியரின் கையால் எழுதிய ஹம்லெட் இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. இருப்பவை மூன்று அச்சுப் பிரதிகள். 1603இல் வந்தது முதற் குவார்ட்டோ. 1604-05இல் வந்தது இரண்டாம் குவார்ட்டோ. ஷேக்ஸ்பியர் செத்து ஏழு வருடம் கழித்து 1623இல், அவருடைய நாடகங்களைத் தொகுத்து வந்த பெரிய புத்தகம் ஃபோலியோ. முதலாவது மிகவும் கட்டை. இரண்டாவதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. இரண்டாவதுதான் ஆக நீளம். ஃபோலியோவில் இரண்டாம் குவார்ட்டோவில் உள்ள ஏறக்குறைய 230 வரிகள் இல்லை. அதேநேரம் அதில் இல்லாத 70 வரியளவு ஃபோலியோவில் உண்டு. சொல், வரி, பேசுகிற ஆள், மேடைக்குறிப்பு என்று மூன்றும் நெடுக வேறுபடுகின்றன.

ஆகவே 'ஹம்லெட்டின் மூலம்' என்று ஒரு சாமான் அலுமாரியில் இல்லை. நாங்கள் வாசிக்கிற ஒவ்வொரு ஹம்லெட்டும் ஒரு பதிப்பாசிரியர் கட்டியது. அவர் ஒரு பிரதியை அடிப்படையாக எடுப்பார். பிழை என்று நினைக்கிற இடத்தில் மற்றதில் இருந்து திருத்துவார். சிலவேளை மூன்றையும் கலப்பார். நேர்மையான பதிப்பாசிரியர் செய்த ஒவ்வொன்றையும் கீழே எழுதிவைப்பார். அதுதான் பாடவேறுபாட்டுக் குறிப்பு.

அதை வாசிக்கிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு குறிப்பைத் தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

14 ஹொரேஷியோ] கு2; அரசி ஃபோ

முதல் இலக்கம் வரியின் இலக்கம். மூடுகிற சதுர அடைப்புக்கு இடப்பக்கம் இருப்பது, மேலே இந்தப் பதிப்பில் அச்சாகியிருப்பது. வலப்பக்கம் முதலில் வருவது, அது எந்தப் பிரதியில் இருந்து எடுக்கப்பட்டது என்பது. அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது, தள்ளப்பட்ட பாடமும் அது இருக்கிற பிரதியும். அதாவது: 'பதினான்காம் வரியை ஹொரேஷியோ பேசுவதாக அச்சடித்திருக்கிறேன், இரண்டாம் குவார்ட்டோ அப்படிச் சொல்கிறது, ஃபோலியோவில் அதே வரியை அரசி பேசுகிறாள்.' இவ்வளவுதான். சிலவேளை வலப்பக்கத்தில் பிரதியின் பெயருக்குப் பதிலாக ஒரு மனிதரின் பெயர் இருக்கும். 'ரோ' என்று இருந்தால் அது 1709இல் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த நிக்கலஸ் ரோ. அதாவது, மேலே இருக்கிற அந்தச் சொல்லோ மேடைக்குறிப்போ ஷேக்ஸ்பியர் செத்து 93 வருடம் கழித்து நுழைந்தது. 'இப்பதிப்பு' என்று இருந்தால் அது இந்தப் பதிப்பாசிரியரின் சொந்த ஊகம்.

இதைத் தெரிந்துகொள்வதால் நடிகருக்கு என்ன கிடைக்கிறது? சின்னதில் இருந்து தொடங்குவோம். ஹம்லெட் நாடகத்தில் வாயைத் திறக்கிற முதல் வரி. மாமன்காரன் கிளோடியஸ், அண்ணனின் மனைவியைக் கட்டி, முடியையும் சூட்டிக்கொண்டு, நிறைந்த சபையில் 'மகனே' என்று கூப்பிடுகிறான். ஹம்லெட் உறவையும் அன்பையும் வைத்து ஒரு குத்தல் வரி சொல்கிறான். பெரும்பாலான பதிப்புகளில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'தனக்குள்' என்று மேடைக்குறிப்பு இருக்கும். அதைப் பார்த்த நடிகர் பார்வையாளர் பக்கம் திரும்பி முணுமுணுப்பார்.

ஆனால் குறிப்பைப் பாருங்கள். இரண்டாம் குவார்ட்டோவில் 'தனக்குள்' இல்லை. ஃபோலியோவிலும் இல்லை. முதற் குவார்ட்டோவில் அந்த வரியே இல்லை. 'தனக்குள்' என்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. அப்போ நடிகருக்கு இரண்டு வழி திறக்கிறது. தனக்குள் சொன்னால், அவன் அடக்கிக்கொண்டு நிற்கிற பெடியன். பார்வையாளர் மட்டும் அவனுடைய கூட்டாளி. உரக்கச் சொன்னால், அவன் சபைக்கு நடுவில் அரசனின் முகத்துக்கு நேரே அடிக்கிறான். சபை அதிர வேண்டும். அரசன் அதைக் கேட்டும் கேளாத மாதிரி அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கிளோடியஸாக நடிக்கிறவருக்கும் அது வேற காட்சி. இரண்டில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. தெரிவு ஒன்று இருக்கிறது என்பதையே வெள்ளைத் தாள் மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கோபம்.

இனிப் பெரிய இடத்துக்கு வருவோம். நாலாம் அங்கம், ஐந்தாம் காட்சி. தகப்பன் செத்து, ஒஃபீலியா புத்தி பேதலித்து வருகிற காட்சி. மேலே நான் காட்டிய பதினான்காம் வரி இங்கேதான் வருகிறது.

இரண்டாம் குவார்ட்டோவில் காட்சி தொடங்கும்போது மேடையில் மூன்று பேர்: அரசி கேர்ட்ரூட், ஹம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ, பெயரில்லாத ஒரு கனவான். ஒஃபீலியாவோடு கதைக்க மாட்டேன் என்று அரசி சொல்கிறாள். அந்தப் பிள்ளையின் நிலைமையைக் கனவான் விபரிக்கிறார். பிறகு ஹொரேஷியோ, அவளோடு கதைப்பது நல்லது, இல்லாவிட்டால் கெட்ட மனம் உள்ளவர்களிடம் ஆபத்தான சந்தேகங்களை அவள் விதைத்துவிடுவாள் என்கிறான். அவளை உள்ளே விடச் சொல்வதும் அவன்தான். ஒஃபீலியா நுழைகிறாள். அதற்குப் பிறகுதான் அரசி, குற்றமுள்ள மனம் எப்படித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் என்று நாலு வரி சொல்கிறாள்.

ஃபோலியோவில் கனவானே இல்லை. மேடையில் இரண்டு பேர்தான். கனவானின் விபரிப்பு ஹொரேஷியோவின் வாய்க்குப் போய்விட்டது. ஆபத்தான சந்தேகங்கள் பற்றிய பேச்சு அரசியின் வாய்க்குப் போய்விட்டது. உள்ளே விடச் சொல்வதும் அரசி. பிறகு அந்த நாலு வரிகள். அதற்குப் பிறகுதான் ஒஃபீலியா நுழைகிறாள்.

கேர்ட்ரூட்டாக நடிக்கப் போகிற ஒருத்தி இதை எப்படிப் பார்க்க வேண்டும்? குவார்ட்டோவின் அரசி மாட்டேன் என்று சொன்னவள். அவளுடைய மறுப்பின் மேலால் ஹொரேஷியோ கட்டளை போடுகிறான். அவள் பேசாமல் விடுகிறாள். அந்த மௌனத்தை நடிக்க வேண்டும். ஒஃபீலியா மேடையில் நிற்கும்போதே நாலு வரிகளையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டா, பார்க்காமலா என்று தீர்மானிக்க வேண்டும். ஃபோலியோவின் அரசி வேற ஆள். மாட்டேன் என்று தொடங்கி, கேட்டுவிட்டு, இது அரசுக்கு ஆபத்து என்று தானே கணக்குப் போட்டு, தானே கட்டளை இடுகிறாள். பிறகு, ஒஃபீலியா வருவதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் குற்றவுணர்வு வெளியே வருகிறது. முதலாவது பெண் மற்றவர்கள் நடத்துகிற காட்சிக்குள் இழுபடுகிறாள். இரண்டாவது பெண் காட்சியை நடத்துகிறாள்.

இதற்குள் இன்னொரு கூத்தும் இருக்கிறது. பல நவீன பதிப்புகளில் இந்த இடம் மூன்றாவது மாதிரி அச்சாகியிருக்கும்: சந்தேகங்கள் பற்றிய பேச்சு ஹொரேஷியோவுக்கு, உள்ளே விடச் சொல்கிற கடைசித் துண்டு மட்டும் அரசிக்கு. மூளை ஹொரேஷியோவுடையது, மனம் அரசியுடையது என்று அழகான பங்கீடு. ஆனால் அது குவார்ட்டோவும் இல்லை, ஃபோலியோவும் இல்லை. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் வரியை வெட்டிப் பிரித்தது. அந்தப் பங்கீட்டுக்கு வாதம் உண்டு: கட்டளை அரசியின் வாயில் இருந்து வருவதுதானே முறை. இருக்கட்டும். ஆனால் பெண் என்றால் இரக்கம், அரசியல் ஆம்பிளைக்கு என்கிற பழைய எடுகோள் அந்த வெட்டுக்குள் இல்லை என்று எவராவது சொல்வார்களா? அதைக் கேள்வி கேட்க வேண்டிய ஆள் அந்த அரசியாக நடிக்கிறவள்தான். குறிப்பில்லாத தாளை வைத்துக்கொண்டு அவள் என்னத்தைக் கேட்கிறது?

போன வருடம் நான் பார்க்கப் போயிருந்த ஓர் ஒத்திகையில் ஒஃபீலியாவாக நடித்த தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, நான் எப்ப உள்ள வரோணும்? அரசி கதைக்கேக்கையே நிக்கோணுமா, முடிஞ்ச பிறகா?" நெறியாண்ட அண்ணா தாளைப் பார்த்தார். "இதில முடிஞ்ச பிறகுதான் போட்டிருக்கு. முடிய வா." கதை முடிந்தது. அவள் கேட்டது நானூறு வருடமாகப் பிரதிகள் ஒத்துக்கொள்ளாத கேள்வி. அவளுக்குக் கிடைத்த பதில் போட்டோகொப்பி. தாளின் கீழ்ப்பாதி இருந்திருந்தால் இரண்டு மாதிரியும் ஒருக்கால் செய்து பார்த்திருப்பார்கள். பத்து நிமிட வேலை.

ஒஃபீலியா எப்படி வருகிறாள் என்பதிலும் இதே கதை. இரண்டாம் குவார்ட்டோ அவள் வருகிறாள் என்று மட்டும் சொல்கிறது. ஃபோலியோ சித்தம் கலங்கியவளாக என்று ஒரு சொல் கூட்டுகிறது. முதற் குவார்ட்டோதான் படம் காட்டுகிறது: தலைமயிரை விரித்து, லூட் என்கிற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு, பாடியபடி வருகிறாள். விரித்த கூந்தல் அந்தக் கால மேடையில் பைத்தியத்தின் அடையாளம். ஆனால் வாத்தியம்? அது கையில் இருந்தால் நடிகையின் இரண்டு கையும் கட்டுப்பட்டுவிடும்; பூக்களைக் கொடுக்கிற இடத்தில் அதை எங்கே வைப்பது என்ற சிக்கல் வரும். பாட்டுக்குச் சுருதி கிடைக்கும். அதேநேரம் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைவிரல்கள் புத்தி போன பிறகும் பழக்கத்தில் இயங்குகிற பயங்கரமும் கிடைக்கும். வேண்டுமா வேண்டாமா என்பது வேற விசயம். அப்படி ஒன்று இருந்தது என்பதே மேல்பாதித் தாளில் தெரியாது.

இங்கேதான் குறிப்பை வாசிப்பதற்கும் நிறுப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் வருகிறது. 'கு1' என்று கண்டவுடன் அதை மற்ற இரண்டுக்கும் சமமாக எடுத்துவிட ஏலாது. பதிப்பின் முன்னுரையில் மூலப் பிரதிகள் பற்றிய பகுதியை வாசித்தால்தான் அந்தச் சுருக்கெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விளங்கும். முதற் குவார்ட்டோவின் வரிகள் பல இடங்களில் குழம்பியவை. நடித்த ஒருவர் நினைவில் இருந்து திருப்பிச் சொல்லி எழுதப்பட்டது என்ற கருத்து நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது; காவலாள் மார்செலஸின் வரிகள் மற்றப் பிரதிகளோடு நன்றாக ஒத்துப்போகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஆதாரம். இன்று அந்தக் கருத்தை மறுக்கிறவர்களும் நிறையப் பேர். ஆனால் அந்தக் கருத்தை ஏற்றாலும் நடிகருக்கு நட்டமில்லை. நினைவில் இருந்து எழுதியவர் வரிகளைக் குழப்புவார். கண்ணால் பார்த்த மேடைச் செயலைக் குழப்புவது அரிது. ஆகவே, ஒரு சொல்லுக்குச் சண்டை வந்தால் முதற் குவார்ட்டோவின் சாட்சி பலவீனம். மேடையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அதே சாட்சி பெறுமதியானது. அதன் முன்பக்கமே, லண்டனிலும் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களிலும் நடிக்கப்பட்டது என்று விளம்பரம் செய்கிறது. கம்பஸில் நாடகம் போடுகிற ஆக்கள் நாங்கள் அந்தப் பிரதியை வெள்ளைத் தாளால் மறைப்பது எவ்வளவு வேடிக்கை!

ஐந்தாம் அங்கத்தில் ஒஃபீலியாவின் சவக்குழிக் காட்சியில் இந்த நிறுவையைப் போட்டுப் பாருங்கள். அண்ணன் லேர்ட்டீஸ் குழிக்குள் பாய்கிறான்: ஃபோலியோவும் முதற் குவார்ட்டோவும் அப்படிச் சொல்கின்றன, இரண்டாம் குவார்ட்டோ பேசாமல் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஹம்லெட்டும் பாய்கிறானா? பாய்கிறான் என்று சொல்வது முதற் குவார்ட்டோ மட்டும்தான். பல பதிப்புகளில் இது மேலே மேடைக்குறிப்பாகவே ஏறியிருக்கும், சதுர அடைப்புக்குள். அந்த அடைப்பின் பொருள் 'அடிப்படைப் பிரதியில் இல்லை' என்பது. வட்ட அடைப்பா சதுர அடைப்பா என்று நடிகர் பார்ப்பதில்லை. பாய் என்று இருக்கிறது, பாய்கிறார்.

பாய்ந்தால், ஹம்லெட்தான் சண்டையைத் தொடங்குகிறவன். அதுவும் தான் நேசித்தவளின் உடலுக்கு மேலே. பாயாமல் வெளியிலேயே நின்று தன் பெயரைச் சொன்னால், லேர்ட்டீஸ் ஏறி வந்து அவனைப் பிடிக்க வேண்டும். அடுத்த வரிகளில் தன் கழுத்தில் இருந்து கையை எடுக்கச் சொல்லி ஹம்லெட் கேட்பது இரண்டாவது வழிக்கு நன்றாகப் பொருந்தும். முதல் வழிக்குச் சார்பாக ஒரு வெளிச்சாட்சியும் உண்டு. ஹம்லெட்டாக முதலில் நடித்த ரிச்சர்ட் பேர்பேஜ் 1619இல் இறந்தபோது எழுதப்பட்ட ஒரு இரங்கற்பாவில் அவர் குழிக்குள் பாய்ந்ததைக் கண்டதாக ஒரு வரி வருகிறது. அது ஹம்லெட்டைத்தான் சொல்கிறதா என்பதில் வாதம் இருக்கிறது. இப்படி ஆதாரங்களை இரண்டு தட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு நடிகர் பாய்ந்தால் அது ஒரு தீர்மானம். தாளில் இருந்ததால் பாய்ந்தால் அது வெறும் தேகப்பயிற்சி.

இனி எனக்குச் சொல்லப்படுகிற மறுப்புகள்.

முதலாவது, "இவ்வளவையும் போட்டால் நடிகர் குழம்பிப்போவார்." குறிப்பெல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லி ஆரும் கேட்கவில்லை. பெரும்பாலான குறிப்புகள் எழுத்துக்கூட்டல், சிறு சொல் மாற்றம் பற்றியவை. கண்ணை ஓட்டிவிட்டுப் போகலாம். நடிகர் நின்று பார்க்க வேண்டியவை மூன்றே வகை: பேசுகிற ஆள் மாறுகிற இடம், ஒருவர் வருகிற அல்லது போகிற நேரம் மாறுகிற இடம், மேடைக்குறிப்பு பின்னால் சேர்க்கப்பட்ட இடம். ஒரு காட்சிக்கு இவை ஒரு கைவிரலுக்குள் அடங்கும்.

இரண்டாவது, "மூலமே இல்லை என்றால் நாங்கள் விரும்பினபடி செய்யலாமே." இது முதலாவதை விட மோசம். மூலம் ஒன்றில்லை என்பதற்கு, ஆதாரமே இல்லை என்பது பொருளில்லை. மூன்று சாட்சிகள் உண்டு; மூன்றும் சொல்லாததை நீங்கள் செய்யலாம், அது உங்கட ஆற்றுகை, உங்கட உரிமை. ஆனால் சாட்சியைக் கேட்டுவிட்டு மீறுவதும், சாட்சி இருப்பதே தெரியாமல் மீறுவதும் ஒன்றில்லை. பின்னதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது பம்மாத்து.

மூன்றாவது, "இது இங்கிலீசுக்காரரின் பிரச்சினை, எங்களுக்கு எதுக்கு?" கூத்துப் பழகினவர்களிடம் போய்க் கேளுங்கள். அண்ணாவியாரின் கொப்பியில் இருந்து அடுத்த அண்ணாவியார் பார்த்து எழுதி, ஊருக்கு ஊர் பாட்டுக் கூடிக் குறைந்து வந்த கதை எங்கட மண்ணிலும் உண்டு. எந்தக் கொப்பி, ஆருடைய கொப்பி என்ற கேள்வி ஒரு கூத்தனுக்குப் புதுசில்லை. அச்சடித்த புத்தகத்தைக் கண்டவுடன்தான் அந்தக் கேள்வியை மறந்துபோகிறோம். தமிழில் ஷேக்ஸ்பியரை மொழிபெயர்க்கிறவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தப் பதிப்பில் இருந்து, எந்தப் பிரதியை அடிப்படையாக வைத்து மொழிபெயர்த்தீர்கள் என்று முன்னுரையில் ஒரு பந்தி எழுதினால் குறைந்தா போகும்?

பதிப்பாசிரியரைக் கும்பிடச் சொல்லியும் நான் சொல்லவில்லை. ஆய்வுப் பதிப்புக்கும் எல்லை உண்டு. எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் இன்றைய முறைக்கு மாற்றும்போது ஒவ்வொரு காற்புள்ளியையும் குறிப்பில் போடமாட்டார்கள். மூச்சு எங்கே விடுவது என்று நிறுத்தக்குறியை நம்பி முடிவெடுக்கிற நடிகர் பெரும்பாலும் பதிப்பாசிரியரின் மூச்சைத்தான் விடுகிறார். அதற்குப் பழைய பிரதிகளின் படங்களைப் பார்க்க வேண்டும். பொட்லியன் நூலகம் தன் ஃபோலியோவை இணையத்தில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறது, காசும் இல்லை. பதிப்புகளும் காலத்துக்குக் காலம் கொள்கை மாறுகின்றன. 1982இல் ஹெரல்ட் ஜென்கின்ஸ் பதிப்பித்த ஆர்டன் ஹம்லெட் பிரதிகளைக் கலந்து ஒன்றாக்கியது. 1986இன் ஒக்ஸ்ஃபோர்ட் தொகுப்பு ஃபோலியோவை அடிப்படையாக எடுத்து, குவார்ட்டோவில் மட்டும் உள்ள பகுதிகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளியது. 2006இல் ஆன் தொம்சனும் நீல் டெய்லரும் ஆர்டனுக்காக மூன்று பிரதிகளையும் தனித்தனியாகவே இரண்டு நூல்களில் பதிப்பித்தார்கள். மூன்றும் நல்ல பதிப்பு. மூன்றும் வேற வேற ஹம்லெட்.

உங்கட கையில் இருக்கிற தாள் எந்த ஹம்லெட் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நாலாம் அங்கம் ஐந்தாம் காட்சியைத் திறவுங்கள். கனவான் இருக்கிறாரா, சந்தேகங்கள் பற்றி ஆர் பேசுகிறார், உள்ளே விடச் சொல்வது ஆர் என்று பாருங்கள். இரண்டும் ஹொரேஷியோ என்றால் இரண்டாம் குவார்ட்டோ. கனவான் இல்லை, இரண்டும் அரசி என்றால் ஃபோலியோ. வரி இரண்டாகப் பிரிந்திருந்தால் கலவை. பிறகு ஒரு காட்சி முன்னுக்குப் போங்கள். நோர்வே படையைக் கண்டு ஹம்லெட் தனியே பேசுகிற நீண்ட பேச்சு இருக்கிறதா? அது இரண்டாம் குவார்ட்டோவில் மட்டும் உள்ளது. அதுவும் இருந்து, ஐந்தாம் காட்சியில் கனவானும் இல்லை என்றால், உங்களுக்குத் தந்த எழுத்துருவை ஆரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒட்டியிருக்கிறார்.

ஆகவே, அடுத்த முறை எவராவது 'சுத்தமான' எழுத்துரு ஒன்றைக் கையில் தந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். ஆருடைய பதிப்பு? எந்தப் பிரதி அடிப்படை? கீழ்ப்பாதி எங்கே? மூன்றாவது கேள்விக்கு 'அது உங்களுக்குத் தேவையில்லை' என்று பதில் வந்தால், அந்த நாடகத்தில் உங்களுக்கு வரிகள் மட்டும்தான் தந்திருக்கிறார்கள், வேடம் தரவில்லை.